36 மஸ்ட், ஒரே ஏப்ரல் 1

ஒரு எக்செல் ஷீட்டில் 38 வேலைகள். அதில் 36-க்கு நேராக ‘மஸ்ட்’. மீதி இரண்டுக்கும் ‘ஷுட்’ என்று போட்டவர், கூட்டம் முடிவதற்குள் “அதையும் மஸ்ட்னே மாத்திடுங்க, பின்னாடி பிரச்சினை வேண்டாம்” என்றார். இப்படி ஒரு ஷீட்டைக் கையில் கொடுத்துவிட்டு, “முன்னுரிமை எல்லாம் குறிச்சாச்சு, ஆரம்பிங்க” என்று சொல்கிறவர்கள் மேல் எனக்கு வரும் கோபம் சாதாரணக் கோபம் இல்லை. அவர்கள் எதையும் குறிக்கவில்லை. எடுக்க வேண்டிய முடிவை எடுக்காமல் நம் தலையில் கட்டிவிட்டார்கள்.

வேலைகளை மஸ்ட், ஷுட், குட், வோண்ட் என்று நாலாகப் பிரித்து முன்னுரிமை குறிப்பதற்கு மாஸ்கோ முறை என்று பெயர். அதை 1994-இல் உருவாக்கியவர் டாய் கிளெக். டிஎஸ்டிஎம் என்ற திட்ட நடைமுறை அதைத் தன் மையமாக எடுத்துக்கொண்டது. மஸ்ட் என்றால் இல்லாமல் முடியவே முடியாதது. ஷுட் முக்கியம்தான், ஆனால் அது இல்லாமல் சிரமப்பட்டாவது சமாளிக்கலாம். குட் என்பது good இல்லை, could, அதாவது வந்தால் நல்லது. வோண்ட் இந்த முறை கிடையாது. இந்த நாலு வார்த்தையை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அவற்றுக்கு அடியில் இருந்த நிபந்தனையை அப்படியே விட்டுவிட்டார்கள். தேதி மாறாது, ஆட்கள் மாறமாட்டார்கள், தரத்தில் கை வைக்கக் கூடாது. ஆகவே செய்யும் வேலையின் அளவுதான் வளைந்து கொடுக்க வேண்டும் என்பதே அந்த நிபந்தனை. அதனால்தான் மஸ்ட் வேலைகள் மொத்த உழைப்பில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அந்த முறை சொல்கிறது. கவனியுங்கள், 60 சதவீதம் என்பது வேலைகளின் எண்ணிக்கையில் இல்லை, அவற்றைச் செய்ய ஆகும் நாட்களில். மீதியில் ஷுட்டுக்கும் குட்டுக்கும் ஏறக்குறைய பாதிப் பாதி. ஏதாவது இழுத்துக்கொண்டால் முதலில் விட்டுக்கொடுக்க அந்த குட் வேலைகள் இருக்கின்றன. எல்லாம் மஸ்ட் என்று எழுதிய அன்றே அந்த மெத்தையை உருவி எறிந்துவிட்டோம்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். எலக்ட்ரிக்கல் சாமான் மொத்த விநியோகம் செய்யும் ஒரு நிறுவனத்துக்குப் புது பில்லிங் மென்பொருள். ஏப்ரல் 1 அன்று புது நிதியாண்டு, புது பில் வரிசை, அன்றிலிருந்து புது மென்பொருளில்தான் வியாபாரம். எங்களிடம் நாலு டெவலப்பர்கள், 12 வாரம். 240 ஆள்-நாள் வருகிறது. பொங்கல் விடுமுறை, பிழை திருத்தம் எல்லாம் கழித்தால் 200 மிஞ்சும். அந்த 36 மஸ்ட்டுக்கும் எஸ்டிமேட் போட்டால் 290 நாள். 60 சதவீதக் கணக்குப்படி இருந்திருக்க வேண்டியது 120.

இந்த எண்களைத் திரையில் காட்டினோம். “புரியுது, ஆனா எல்லாமே தேவைதானே” என்றார்கள். 290 எப்படி 200-க்குள் போகும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

விற்பனை மேலாளர் தினமும் போன் செய்தார், அவர் கேட்ட டேஷ்போர்டு முதலில் போனது. முதலாளி ஏதோ விழாவில் வேறொருவருடைய மென்பொருளைப் பார்த்துவிட்டு வந்து, பில் உடனே டீலரின் வாட்ஸ்அப்புக்குப் போக வேண்டும் என்றார், அது இரண்டாவது. ஆரம்ப இருப்பை ஏற்றும் வேலைக்காகப் போன் செய்ய யாரும் இல்லை. கிடங்குப் பொறுப்பாளர் அமைதியான மனிதர். எல்லாம் மஸ்ட் என்று எழுதியிருக்கிறதே, தன்னுடையதும் வந்துவிடும் என்று நம்பினார். அவருடைய வேலை மார்ச் கடைசி வாரத்துக்குத் தள்ளப்பட்டது. அதைச் சோதிக்கக் கிடைத்தது 31-ஆம் தேதி பிற்பகல் மட்டும்.

ஏப்ரல் 1 காலை. மூன்று கிடங்குகளில் ஒன்று தன் இருப்பைப் பெட்டிக் கணக்கில் எழுதிக் கொடுத்திருந்தது. ஒரு பெட்டிக்கு 20 சுவிட்ச். மென்பொருள் அதைத் தனித்தனி சுவிட்சாக எடுத்துக்கொண்டது. 40 பெட்டி, அதாவது 800 சுவிட்ச் இருக்க வேண்டிய இடத்தில் திரை 40 என்று காட்டியது. டீலர் 100 கேட்டால் ‘இருப்பு போதாது’ என்று பில் மறுக்கப்பட்டது. சரக்கு கண்ணெதிரே அடுக்கியிருக்கிறது, லோடு ஏற்ற ஆள் நிற்கிறார், பில் வரவில்லை. மதியத்துக்குள் பழைய மென்பொருளைத் திறந்து அதிலேயே பில் போட ஆரம்பித்தார்கள். ஒரே நாளில் இரண்டு பில் வரிசை, இரண்டு இருப்புக் கணக்கு. அதைச் சரிசெய்ய உட்கார்ந்த டெவலப்பர்கள் அந்த வாரம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. டேஷ்போர்டு மட்டும் நன்றாக வேலை செய்தது. அதில் காட்ட விற்பனைதான் இல்லை.

இதற்குப் பெயர் முன்னுரிமையா? முன்னுரிமை என்ற ஒன்று எப்படியும் நடந்தே தீரும். நீங்கள் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை என்றால், அடிக்கடி போன் செய்கிறவர் முடிவு செய்வார். இல்லையென்றால் இரவு பத்து மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஒரு ஜூனியர் டெவலப்பர் முடிவு செய்வார். வியாபாரத்தில் எது எங்கே நின்றுபோகும் என்று அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். தெரிந்த நீங்கள் வாயைத் திறக்காமல் 36 இடத்தில் ஒரே வார்த்தையை எழுதிவைத்தீர்கள்.

இதில் எனக்கு அதிகம் எரிச்சல் தருவது, மஸ்ட்டா இல்லையா என்று பார்க்கும் கேள்வி மிகச் சின்னது என்பதுதான். இது தயாராகவில்லை என்றால் ஏப்ரல் 1 தொடக்கத்தையே நிறுத்துவீர்களா? ஆம் என்றால் மஸ்ட். கையால் எழுதியோ, எக்செல்லில் போட்டோ, பழைய பட்டியலை அச்செடுத்துப் பார்த்தோ ஓட்டிவிடலாம் என்றால், எவ்வளவு கஷ்டமாக இருந்தாலும் அது மஸ்ட் இல்லை. கூட்டத்தில் கேட்டால் எல்லோரும் எல்லாவற்றுக்கும் “ஆமா, நிறுத்துவோம்” என்பார்கள், மற்றவர் முன்னால் யாரும் இறங்கி வரமாட்டார்கள். தனித்தனியாகக் கேட்க வேண்டும். “வாட்ஸ்அப் பில் வராததால் தொடக்கத்தை ஒரு மாதம் தள்ளுகிறோம் என்று முதலாளிக்கு ஒரு மெயில் போடுங்க சார்” என்று கேட்டால் கை நின்றுவிடும். அப்போது தெரிந்துவிடும் அது குட் என்று.

சட்டத்தைக் காட்டி வாயை அடைப்பவர்கள் ஒரு தனி ரகம். கணக்குப் பிரிவுத் தலைவர் இ-இன்வாய்ஸ் பற்றிப் பேசும்போது, “தம்பி, இது ஜிஎஸ்டி. இதுல என்ன ஷுட்டு, குட்டு?” என்றார். அவர் சொன்னதில் பாதி முழு உண்மை. 2023 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனம் இன்னொரு வணிகருக்குப் போடும் பில்லுக்கு அரசுப் போர்ட்டலில் பதிவு எண் வாங்கியே ஆக வேண்டும். அது இல்லாத பில் செல்லாது. ஆனால் அவர் ஷீட்டில் எழுதியிருந்தது ‘பில் போட்டதும் தானாகப் பதிவு எண் வர வேண்டும்’ என்று. சட்டம் பதிவு எண்ணைத்தான் கேட்கிறது, அது தானாக வருகிறதா என்று கேட்கவில்லை. பல பில்களை ஒரே கோப்பாக்கி அதே போர்ட்டலில் ஏற்றலாம், வரும் எண்ணையும் கியூஆர் கோடையும் திரும்ப எடுத்துப் பில்லில் அச்சிடலாம். இந்தக் கோப்பு வழிக்கு எங்கள் எஸ்டிமேட் 8 நாள், நேரடி இணைப்புக்கு 20 நாள். அப்படியென்றால் கோப்பு வழி மஸ்ட், நேரடி இணைப்பு ஷுட்.

சிரமம் இருக்கிறது, மறுக்கவில்லை. மணிக்கு ஒரு முறை கோப்பு ஏற்றினால், வண்டி அடுத்த கோப்பு வரை காத்திருக்க வேண்டும். நாளுக்கு 60 பில் போடும் இடத்தில் அது தாங்கும். 600 பில் போடும் இடத்தில் தாங்காது, அங்கே நேரடி இணைப்பே மஸ்ட் ஆகிவிடும். இதைத்தான் பேசியிருக்க வேண்டும்! எத்தனை பில், எத்தனை மணிக்கு, யார் ஏற்றுவார் என்று. சட்டம் என்ற ஒரு வார்த்தையை வீசிவிட்டுப் பேச்சை முடிப்பதற்கா கூட்டம் போட்டோம்?

கிரெடிட் நோட்டும் இப்படித்தான். திரும்பி வரும் சரக்குக்கு அது கட்டாயம் தேவை. ஆனால் ஏப்ரல் 1 அன்று காலையிலா தேவை? சரக்கு வந்த அன்றே போட வேண்டும் என்று சட்டத்தில் இல்லை, நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை கணக்கில் காட்ட இடமிருக்கிறது. டீலர் கணக்கை மாதக் கடைசியில் சரிபார்ப்பதற்குள் வந்தால் போதும். திட்டத்துக்கு மஸ்ட், இந்த ரிலீசுக்கு மஸ்ட் இல்லை. இரண்டையும் போட்டுக் குழப்புவதாலேயே பட்டியல் இப்படி வீங்குகிறது.

அடுத்த கொடுமை, மஸ்ட்டுக்குள்ளேயே மஸ்ட்-1, மஸ்ட்-2, ‘கிரிட்டிகல் மஸ்ட்’ என்று பிரிப்பது. நாலு பெட்டி ஏற்கனவே இருக்கிறதே ஐயா! அதைப் பயன்படுத்த மனம் வராமல் முதல் பெட்டிக்குள் புதிதாக மூன்று பெட்டி செய்கிறீர்கள். பெயர் மாறியதே தவிர 290 நாள் 290 நாளாகவே இருக்கிறது.

அவர்கள் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். மஸ்ட் போடாவிட்டால் வராது என்பது அவர்கள் அனுபவத்தில் கற்றது. ஷுட் என்று ஒப்புக்கொண்டவை பல நிறுவனங்களில் அப்படியே பேக்லாக் என்ற காத்திருப்புப் பட்டியலின் அடியில் போய் மக்கிப்போகின்றன. பிறகு ஏன் அவர்கள் நம்ப வேண்டும்? ஷுட் வேலை வழக்கமான சூழலில் வந்தே தீர வேண்டியது, வோண்ட் என்றால் அடுத்து எப்போது பார்ப்போம் என்ற தேதியோடு எழுத வேண்டியது. இதைச் செய்யாத திட்ட மேலாளர்கள்தான் இந்தப் பயத்தை வளர்த்தார்கள். அவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஆனாலும் பயத்துக்காக 36 வரியை மஸ்ட் ஆக்கியவர்கள் அந்தக் கிடங்குக்காரரின் ஒரே ஒரு உண்மையான மஸ்ட்டைத்தான் பலி கொடுத்தார்கள். அன்றைக்கு டீலர்களிடம் திட்டு வாங்கியதும் அவர்தான்.

இப்போது ஜூலை ரிலீசுக்குப் புது ஷீட் வந்திருக்கிறது. 41 வரி, எல்லாம் மஸ்ட். நான் அதைத் திருப்பி அனுப்பிவிட்டேன். மஸ்ட்டுக்கு 70 நாள்தான் இருக்கிறது என்று மேலே எழுதி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இரண்டு கட்டம் சேர்த்திருக்கிறேன்: இது இல்லாவிட்டால் முதல் நாள் காலை அந்த வேலையைக் கையால் செய்யப்போவது யார், எவ்வளவு நேரம் ஆகும். புதிதாக ஒரு மஸ்ட் உள்ளே வர வேண்டுமானால் அதே நாள் கணக்குள்ள ஒன்றை வெளியே எடுத்துவிட்டு, எடுத்தவர் பெயரையும் எழுத வேண்டும். அந்தக் கட்டங்கள் நிரம்பி வரும்வரை எஸ்டிமேட் கூட்டம் கிடையாது என்று சொல்லிவிட்டேன். விற்பனை மேலாளர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். ஷீட் இன்னும் வரவில்லை.