தோற்ற அணிக்குக் கோப்பை போகலாமா?

ரக்பி பார்க்கிறவர்களிடம் நான் வருடந்தோறும் வாதாடும் விஷயம் இது: ஆறு ஐரோப்பிய அணிகள் ஆண்டுதோறும் மோதும் சிக்ஸ் நேஷன்ஸ் போட்டியின் போனஸ் புள்ளிகளை மாற்றியாக வேண்டும்.

பட்டியலில் வெற்றிக்கு 4 புள்ளி, சமநிலைக்கு 2. நான்கு ட்ரை, அதாவது எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தை நான்கு முறை தரையில் அழுத்தினால், வென்றாலும் தோற்றாலும் கூடுதலாக 1. ஏழு அல்லது அதற்கும் குறைவான புள்ளி வித்தியாசத்தில் தோற்றால் இன்னொரு 1. 2017இல் இதைக் கொண்டுவந்தபோதே ஒரு சிக்கல் தெரிந்துவிட்டது. ஒரு அணி ஐந்து ஆட்டங்களையும் போனஸ் இன்றி வென்றால் 20 புள்ளி. அந்த அணியிடம் மட்டும் நெருக்கமாகத் தோற்று, ஐந்து ஆட்டங்களிலும் நான்கு ட்ரை போட்ட அணிக்கு 22. எல்லோரையும் வென்றவர் இரண்டாமிடம்! அதனால்தான் ஐந்தையும் வென்றால் தனியாக 3 புள்ளி என்று சேர்த்தார்கள்.

இந்த ஒட்டு உச்சியை மட்டுமே காப்பாற்றுகிறது. நான்கு ஆட்டம் வென்று போனஸே பெறாத அணிக்கு 16. மூன்றை மட்டும் வென்று எல்லாப் போனஸையும் அள்ளிய அணிக்கு 15, இரண்டு தோல்விகளிலிருந்து 4, ஆக 19. இது அரிதாகவே நடக்கும் என்பார்கள். ஐந்தே ஆட்டங்கள் உள்ள பட்டியலில் ஒரு புள்ளியின் எடை மிக அதிகம் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

தோற்ற அணிக்கும் ட்ரை போனஸ் தருவதுதான் எனக்கு முதல் உறுத்தல். பிரான்ஸின் டாப் 14 லீக்கில் அப்படி இல்லை. வென்ற அணி எதிரணியைவிட மூன்று ட்ரை அதிகம் போட்டிருந்தால்தான் போனஸ். தோல்விக்கான புள்ளியும் ஐந்து வித்தியாசத்துக்குள்தான். இதே விதியை இங்கே வைத்தால் அந்த மூன்று வெற்றி அணியின் உச்சம் 17. இன்னும் ஒரு புள்ளி மிஞ்சுகிறது. எனவே முதலில் வெற்றிகளின் எண்ணிக்கையால் வரிசைப்படுத்தி, போனஸை அதற்குப் பிறகு எண்ண வேண்டும் என்பேன்.

பிரெஞ்சு விதியை நான் விரும்பக் காரணம் கணக்கு மட்டுமல்ல. நான்கு ட்ரை விதியில், 50ஆவது நிமிடத்தில் நான்காவது விழுந்துவிட்டால் அந்தப் புள்ளி பத்திரம். அதன்பின் யாரும் அதைப் பறிக்க முடியாது. பிரெஞ்சு விதியில் 31-10, ட்ரைகள் நான்குக்கு ஒன்று என்ற நிலையை எண்ணிப் பாருங்கள். 78ஆவது நிமிடம். தோற்பது உறுதியான அணி மூலையில் ஒரு ட்ரை போடுகிறது. ட்ரை வித்தியாசம் இரண்டாகிவிட்டது, போனஸ் போய்விட்டது. வென்றுகொண்டிருக்கும் அணி மூச்சு வாங்கியபடியே ஐந்தாவது ட்ரைக்காக மறுபடி ஓட வேண்டும்.