உத்யம் எண் பயிற்சிக்குச் சான்று அல்ல

999 ரூபாய் வாங்கிக்கொண்டு மாணவர்களுக்கு இன்டர்ன்ஷிப் பயிற்சிச் சான்றிதழ் தரும் ஒரு நிறுவனத்தைப் பற்றி ஒருவர் சொல்கிறார்: "எம்.எஸ்.எம்.இ. பதிவு இருக்கு, சான்றிதழ்ல கியூஆர் கோடும் வேலை செய்யுது. அரசு அங்கீகாரம்தான், 999 ரூபாய் தைரியமா கட்டலாம்."

கட்டாதீர்கள். எம்.எஸ்.எம்.இ. பதிவுக்குக் கிடைக்கும் உத்யம் எண்ணை udyamregistration.gov.in தளத்தில் ஆதாரை வைத்து, சுய அறிவிப்பிலேயே, இலவசமாக வாங்கிவிடலாம். டீக்கடைக்கும் கிடைக்கும். பதிவு செய்வது குறு, சிறு, நடுத்தரத் தொழில் எது என்ற வகையை மட்டும்தான். மாணவருக்கு யார் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதை அங்கே யாரும் சோதிப்பதில்லை.

கியூஆரை ஸ்கேன் செய்ததும் திறக்கும் முகவரியைப் பாருங்கள். அது அந்த நிறுவனத்தின் தளமே என்றால், அவர்கள் அச்சடித்ததை அவர்களே சரி என்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொருவர், கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசுத் தளமான mca.gov.in-இல் அந்தக் கம்பெனி பெயர் வருகிறது என்கிறார். பாதி சரி. கம்பெனி இருப்பதும், தொடங்கிய தேதியும் தெரியும். பயிற்சி நடக்கிறதா என்பது தெரியாது.

தம்பியின் கல்லூரி இதே சான்றிதழை ஏற்றதாகச் சொன்ன அக்காவுக்கு: இருக்கலாம், அது துறைக்குத் துறை மாறும். ஆனால் வேலை நேர்காணலில் "உங்கள் மென்டர் யார், என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் அந்தப் பிள்ளை என்ன சொல்வான்?

ஏற்கெனவே கட்டியவர்கள் பரிவர்த்தனை எண்ணோடு உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் திரும்புமா என்று உறுதி சொல்ல முடியாது. தாமதித்தால் வாய்ப்பு குறையும்.