பாதியில் முளைத்த கட்-ஆஃப்

சனி, ஞாயிறுகளில் சட்ட மாணவர்கள் சிலருக்கு நிர்வாகச் சட்டம் சொல்லித் தருகிறேன். போன வாரம் வைத்த மாதிரித் தேர்வில் ஒரு கேள்வி: 'தேர்வு நடத்தும் அமைப்பு, எல்லாம் முடிந்த பிறகு நேர்முகத் தேர்வுக்குப் புதிதாக ஒரு கட்-ஆஃப் வைக்கிறது. பாதிக்கப்பட்டவர் ரிட் மனுவில் என்னென்ன காரணங்களைச் சொல்லலாம்?' வந்த விடைகள் எல்லாம் ஒரே அச்சு. அரைப் பக்கம், அரசு அமைப்பு தன் வாக்கைக் காப்பாற்றும் என்று நம்பும் நியாயமான எதிர்பார்ப்பு; அரைப் பக்கம், நடவடிக்கை அதன் நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது என்னும் விகிதாசாரம்; சாப்பிட மறுத்ததற்காகச் சிறையும் பணிநீக்கமும் வாங்கிய சிப்பாய் ரஞ்சித் தாக்கூரின் 1987 வழக்கு ஊறுகாய் மாதிரி ஓரத்தில், கடைசியில் 'எனவே உத்தரவு ரத்தாகும்'.

இரண்டையும் இப்படித் தனித்தனிப் பெட்டியில் போடுவதுதான் தப்பு என்பது என் கருத்து. அந்தக் கேள்வியை நான் கற்பனையில் எழுதவில்லை. கேரள உயர் நீதிமன்றத்தில் நடந்த விவகாரம் அது. சிவானந்தன் வழக்கு என்ற பெயரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு வரை போய், 2023 ஜூலை 12 அன்று முடிந்தது.

நடந்தது இதுதான். மாவட்ட நீதிபதி பதவிக்கு வழக்கறிஞர்களிலிருந்து நேரடித் தேர்வு. 1961ஆம் ஆண்டு விதிகளின்படி எழுத்துத் தேர்வு, நேர்முகம் இரண்டின் கூட்டு மதிப்பெண்ணை வைத்துத்தான் தரவரிசை. எழுத்துக்கு 300, நேர்முகத்துக்கு 50. நேர்முகத்துக்குக் கட்-ஆஃப் கிடையாது என்று 2012 டிசம்பரில் வந்த திட்டத்திலேயே சொல்லியிருந்தார்கள். அதை நம்பித்தான் 2015 செப்டம்பர் அறிவிப்புக்கு எல்லோரும் விண்ணப்பித்தார்கள். 2017 ஜனவரியில் நேர்முகம் நடந்து முடிந்தது. அடுத்த மாதம் 27ஆம் தேதி உயர் நீதிமன்றத்தின் நிர்வாகக் குழு கூடி, எழுத்துத் தேர்வுக்கு உள்ள குறைந்தபட்ச மதிப்பெண் நேர்முகத்துக்கும் பொருந்தும் என்று முடிவெடுத்தது. மார்ச்சில் பட்டியல் வந்துவிட்டது.

இதன் விளைவைக் கற்பனை எண்களில் போட்டுப் பாருங்கள். ஒருவர் எழுத்தில் 200, நேர்முகத்தில் 24, மொத்தம் 224. இன்னொருவர் எழுத்தில் 170, நேர்முகத்தில் 30, மொத்தம் 200. பழைய கணக்கில் முதலாமவர் 24 மதிப்பெண் முன்னால். நேர்முகத்தில் 25 எடுத்தாக வேண்டும் என்ற 50 சதவீதக் கட்-ஆஃப் வந்ததும் அவர் பட்டியலிலேயே இல்லை. அந்த ஒரு மதிப்பெண் இவ்வளவு வேலை செய்யும் என்று நேர்முக அறைக்குள் போகும்போது அவருக்குத் தெரியாது. மதிப்பெண் எல்லாம் கையில் வந்த பிறகு கோடு போடுவதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. கோடு எங்கே விழுந்தால் யார் விழுவார் என்பது கோடு போடுகிறவருக்குத் தெரியும். இந்த வழக்கில் யாரும் அப்படிச் செய்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வாய்ப்பே இருக்கக் கூடாது என்பதுதானே விஷயம்.

மாணவர்கள் தவறவிடும் முதல் இடம் இங்கே. கட்-ஆஃப், கூட்டு மதிப்பெண் என்று சொல்லும் விதிக்கே எதிரானது. அப்படியென்றால் சட்டவிரோதம் என்ற ஒரு காரணம் போதுமே, எதிர்பார்ப்பு எதற்கு? விடையில் முதலில் விதிமீறலை எழுத வேண்டும், எதிர்பார்ப்பு அதற்கு அடுத்த கால். நீதிமன்றமும் விதியைப் பார்த்தது, நேர்முகம் முடிந்தபின் எடுத்த முடிவு அப்பட்டமாகத் தன்னிச்சையானது என்றது, கூடவே 2012 திட்டமும் 2015 அறிவிப்பும் தந்த உறுதியை மீறியது என்றும் சொன்னது. எதிர்பார்ப்பு ஒரு உரிமை அல்ல. பொதுநலன் கேட்டால் அது தோற்கும். ஆனால் அந்தப் பொதுநலனை நிரூபிக்கும் பொறுப்பு வாக்கை மீறியவரின் தலையில்.

சரி, உயர் நீதிமன்றம் சொன்ன பொதுநலன் என்ன? நல்ல ஆளுமை உள்ளவர்கள் நீதிபதியாக வர வேண்டும் என்பது. மோசமான நோக்கம் இல்லையே. இங்கேதான் விகிதாசாரம் உள்ளே வர வேண்டும். அதன் கேள்விகள் வரிசையாக நான்கு. நோக்கம் சரியா? சரி. இந்த வழி அந்த நோக்கத்துக்கு உதவுமா? ஓரளவு உதவும். இதைவிடக் காயம் குறைவான வழி இருந்ததா? இருந்தது. விதியைத் திருத்தி அடுத்த தேர்விலிருந்து அமல்படுத்தியிருக்கலாம். பின்னாளில் அதையேதான் செய்தார்கள், அதுவும் 35 சதவீதக் கட்-ஆஃப் வைத்து! மூன்றாவது கேள்வியிலேயே முடிவு செத்துப்போகிறது. கிடைத்த நன்மைக்கும் விண்ணப்பதாரர் பட்ட இழப்புக்கும் பொருத்தம் உண்டா என்ற நான்காவதுக்குப் போகவே தேவையில்லை.

இந்த இணைப்பு என் கண்டுபிடிப்பு இல்லை. இங்கிலாந்தில் 1999இல் காக்லன் வழக்கு. கடுமையான ஊனத்தோடு வாழ்ந்த ஒரு பெண்ணையும் வேறு சிலரையும் மார்டன் ஹவுஸ் என்ற இல்லத்துக்கு மாற்றும்போது, விரும்பும் வரை இதுதான் உங்கள் வீடு என்று சுகாதார நிர்வாகம் வாக்குக் கொடுத்தது. ஐந்தே வருடத்தில் செலவைக் காட்டி மூடப் பார்த்தது. பின்வாங்க நிர்வாகத்துக்கு இருந்த காரணம் பணம்தான், அது போதாது என்று நீதிமன்றம் தடுத்துவிட்டது. பிறகு 2005இல் நடராஜா வழக்கில் நீதிபதி லாஸ், வாக்கிலிருந்து விலகுவது விகிதாசாரமாக இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதினார். (நம்ம பெயர் மாதிரி இருக்கிறதே என்று கேட்ட மாணவர்களுக்கு: ஆமாம், மனுதாரர் இலங்கைத் தமிழர்.)

இந்தியாவில் தயக்கத்துக்குக் காரணம் ஓம்குமார் வழக்கு, 2000ஆம் ஆண்டு. சுதந்திரங்களைப் பறித்தால், பாகுபாடு காட்டினால் விகிதாசாரம். வெறும் தன்னிச்சை என்ற புகார் என்றால், சிந்திக்கிற எவரும் இப்படி முடிவெடுக்க மாட்டார் என்ற பழைய வெட்னஸ்பரி அளவுகோல் மட்டும். எதிர்பார்ப்பை மீறுவதைத் தன்னிச்சையின் கிளையாகப் பார்க்கும் நம் நீதிமன்றங்கள் அதனால் விகிதாசாரத்தின் பெயரைச் சொல்லத் தயங்குகின்றன. பெயரைச் சொல்லாமல் வேலையை மட்டும் செய்துவிடுகின்றன. சொல்லிச் செய்தால் அடுத்த வழக்கில் அரசுத் தரப்பு எந்தக் கேள்விக்குப் பதில் தர வேண்டும் என்றாவது தெளிவாகும்.

அப்புறம், அந்த 'எனவே ரத்தாகும்'. சிவானந்தன் வழக்கில் பட்டியல் ரத்தாகவில்லை. முடிவு சட்டப்படி தப்பு என்று அறிவித்த அதே நீதிமன்றம், தேர்வானவர்கள் ஆறு வருடம் நீதிபதிகளாக வேலை பார்த்துவிட்டார்கள், அவர்களும் தகுதியானவர்களே, இப்போது இறக்கிவிட முடியாது என்றது. மனுதாரர்களையும் சேர்க்கவில்லை. இங்கே நிவாரணத்தையும் தராசில் வைத்துத்தான் பார்த்திருக்கிறார்கள். தேர்வானவர்கள் மேல் பிழை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆறு வருடம் மனுதாரர்கள் கேட்டு வாங்கியதா? வழக்கு நீதிமன்றத்தில் கிடந்த காலம் தப்பு செய்தவருக்கே சாதகமாக எடை கூடியிருக்கிறது. குறைந்தபட்சம் கூடுதல் பதவிகளை உருவாக்கி அமர்த்துவதைப் பற்றி இன்னும் தீவிரமாக யோசித்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

அவர்களுக்குக் கிடைத்தது தீர்ப்பின் கடைசியில் உள்ள ஒரு விளக்கம்: தேர்வாகாதது அவர்களுடைய தகுதிக்கோ திறமைக்கோ குறை ஆகாது, வேறு பதவிகளை நாடுவதற்கும் அது தடையில்லை.