பூம் மைக் தெரியும் ஷாட்டில் 111% பெரிதாக்குவது பற்றிய திருத்தம்

“ஃபிரேமின் மேலே பூம் மைக் தெரிந்தால் ஷாட்டை 111% பெரிதாக்கினால் போதும், வேறு வழியே இல்லை.”

இந்தக் கணக்கு, படத்தை நடுப்புள்ளியிலிருந்து பெரிதாக்கி அப்படியே விட்டுவிடும்போது மட்டுமே பொருந்தும். 1920×1080 ஃபிரேமில் மைக் 50 பிக்சல் இறங்கியிருப்பதாகக் கொண்டால், 105.3% பெரிதாக்கிப் படத்தை 28 பிக்சல் மேலே நகர்த்தினாலே மைக் மறைந்துவிடும். கீழ் ஓரத்திலும் கறுப்புக் கோடு தெரியாது. பக்கவாட்டு இழப்பும் ஒவ்வொரு புறமும் ஏறத்தாழ 95 பிக்சலிலிருந்து 48 ஆகக் குறைகிறது. 4கே-யில் எடுத்து 1080-இல் வெளியிட்டால் தெளிவு குறையாது என்பது சரிதான், ஆனால் முடிக்கு மேலே இருக்க வேண்டிய இடைவெளியை அது மீட்டுத் தராது.

கேமரா அசையாத ஷாட் என்றால், மைக் இறங்காத வேறொரு நொடியின் ஃபிரேமை நிறுத்தி, அதன் மேல் பகுதியை மட்டும் மாஸ்க் செய்து, ஓரத்தை மென்மையாக்கி மேலே வைப்பதையே நான் முதலில் முயல்வேன், ஏனெனில் அதில் சட்டகம் சிறிதும் மாறுவதில்லை. ஒட்டிய பகுதியில் மட்டும் படத்தில் தெரியும் நாய்ஸ் உறைந்து நிற்கிறதா என்பதை 200% பெரிதாக்கி ஓடவிட்டுப் பார்த்தால் தெரியும். உறைந்திருந்தால், நிறுத்திய ஃபிரேமுக்குப் பதிலாக அதே ஷாட்டின் ஓடும் துண்டு ஒன்றை வைக்க வேண்டும்.

கேமராவைக் கையில் பிடித்து எடுத்த ஷாட்டுக்கு இது அப்படியே உதவாது. ஒட்டும் பகுதியை டிராக் செய்ய வேண்டும், நடிகரின் தலை மைக்கைத் தொடும் இடத்தில் அதுவும் பிசகக்கூடும்.