ஹைத்தியின் ஜாம்பி யாரையும் கடிக்கவில்லை

“ஜாம்பி என்றால் ஆதியிலிருந்தே மனிதரைத் தின்னும் பிணம்தான், ஹைத்திக் கதையும் அதுதான்.”

இது சரியன்று. ஹைத்தி நாட்டார் கதைகளில் ஜாம்பி யாரையும் தின்பதில்லை. போக்கோர் என்னும் மந்திரவாதி கல்லறையிலிருந்து எழுப்பி, சொந்த விருப்பமின்றி வயலில் உழைக்க வைக்கும் உடல் அது. பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு, செத்தும் விடுதலை கிட்டாது என்பதைவிடக் கொடிய அச்சம் வேறென்ன இருக்க முடியும்? அவர்கள் ஜாம்பிக்கு அஞ்சியதைவிட, தாமே ஜாம்பியாகிவிடுவோமோ என்றுதான் அஞ்சினார்கள்.

உப்புக் கொடுத்தால் ஜாம்பி செத்துவிடும் என்று சொல்வதும் பாதிதான் சரி. உப்பு நாவில் பட்டதும் அதற்குத் தன்னுணர்வு திரும்புகிறது. தான் இறந்தவன் என்றறிந்து அது தானாகவே கல்லறையைத் தேடிப் போகிறது.

அமெரிக்கப் படை ஹைத்தியில் இருந்த 1915–1934 காலத்தில்தான் இக்கதை அமெரிக்காவில் பரவியது. 1932-இல் வந்த ‘வைட் ஜாம்பி’ படத்தில்கூட, ஆலையில் உழைக்கும் ஜாம்பிகளில் ஒருவன் இயந்திரத்துக்குள் விழுந்தபின்னும் மற்றவர்கள் நிற்காமல் செக்கைச் சுற்றுகிறார்கள்.

தின்னும் பிணக்கூட்டத்தை நிலைநிறுத்தியது 1968-இன் ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ படம். அதன் வசனத்தில் ‘ஜாம்பி’ என்ற சொல்லே இல்லை. அங்கே எசமான் மறைந்து, அச்சம் அண்டைவீட்டாரின் மீதும், வீட்டுக்குள் ஒன்றுபட முடியாத மனிதர்களின் மீதும் திரும்புகிறது. பிழைத்து நிற்கும் கறுப்பின நாயகனைச் சுட்டுக் கொல்வது பிணமன்று, காப்பாற்ற வந்த ஆயுதக் குழு.