ஏறி இறங்கும் மூச்சு: உண்மை விளக்கம்

“தூக்கத்தில் மூச்சு ஏறி, இறங்கி, நின்று, மறுபடி வந்தால் ஒரே நாளில் உயிர் போய்விடுமாம்.”

தவறு. செயின்-ஸ்டோக்ஸ் எனப்படும் இந்த மூச்சு, இதயம் பலவீனமானவர்களுக்கு மாதக்கணக்கில்கூட இருக்கும். ரத்தம் மெதுவாக ஓடுவதால், நுரையீரலில் கரியமில வாயு குறைந்த செய்தி கழுத்திலும் மூளைத்தண்டிலும் உள்ள உணரிகளுக்குத் தாமதமாகவே எட்டுகிறது. அதற்குள் மூச்சு தேவைக்கு மேல் வாங்கிவிடும். வாயு வரம்புக்குக் கீழே போனதும் மூளை மூச்சை நிறுத்தும். வாயு சேர்ந்ததும் மெல்லத் தொடங்கும். ஒரு சுற்றுக்குப் பெரும்பாலும் 45 முதல் 90 வினாடி.

லடாக்கின் லே போன்ற உயரமான ஊர்களில் ஆரோக்கியமானவர்களுக்கும் இது வரும். ஆக்சிஜன் குறைவால் கழுத்து உணரி அளவுக்கு மீறித் துடிப்பாகிவிடுவதே காரணம். அங்கே சுற்று 20, 30 வினாடிதான்.

வீட்டில் இப்படிக் கண்டால் வீடியோ எடுத்து இதய மருத்துவரிடம் காட்டுங்கள். ஆனால் தட்டியும் விழிக்காமல் எப்போதாவது வாயைத் திறந்து திணறினால், அது இதயம் நின்றதன் அறிகுறி: உடனே 108, உடனே மார்பைக் கைகளால் அழுத்தும் முதலுதவி.