சாட்சி இல்லாத புகாரும் விசாரணைக்கு வரும்

“நேரில் பார்த்த சாட்சி இல்லை என்றால் விசாரணைக் குழு புகாரை எடுக்கவே எடுக்காது.”

அலுவலகத்தில் நடக்கும் பாலியல் தொல்லையை விசாரிக்கும் உள் குழுவைப் பற்றிச் சிலர் இப்படிச் சொல்கிறார்கள். இது தப்புங்க, இதை நம்பி யாரும் புகார் எழுதாமல் இருந்துவிடாதீர்கள். இந்த மாதிரி நடத்தை பெரும்பாலும் ஆள் இல்லாத அறையில்தான் நடக்கிறது, சாட்சிக்கு எங்கே போவது? குழு கிரிமினல் கோர்ட் இல்லை. இரண்டு தரப்பையும் கேட்டு, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்றுதான் பார்க்கும்.

நான் குழுவில் இருந்தபோது வந்த ஒரு புகாரில், மேலாளர் அந்தப் பெண்ணின் தோளில் கை வைத்ததை யாரும் பார்க்கவில்லை. ஆனால் அன்று மாலையே அந்தப் பெண் தன் தோழிக்கு அனுப்பிய மெசேஜ் இருந்தது, மறுநாள் ஷிப்ட் மாற்றிக் கேட்ட மெயில் இருந்தது, “அந்த நேரத்தில் நான் அலுவலகத்திலேயே இல்லை” என்று மேலாளர் சொன்னதற்கு மாறாக அவருடைய நுழைவு அட்டைப் பதிவு இருந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

“அப்போ ஆதாரமே வேண்டாமா?” என்று கேட்ட அண்ணா, உங்கள் கவலை பாதி நியாயம். சில புகார்கள் நிரூபணமாகாமல் போகும். அதற்காக அது பொய்ப் புகார் ஆகிவிடாது, பொய்யா என்பதைத் தனியாக விசாரித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அப்புறம், வாய்மொழியாகச் சொன்னதும் ஹெச்ஆர் விஷயத்தை முடித்துவிட்டதாக எழுதிய தோழி, தேதி, இடம், தொல்லை கொடுத்தவர் பேசிய அதே வார்த்தைகளோடு குழுவுக்கே எழுத்தில் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்குங்கள்.